எறிபந்துப் பாடவேளையில் ஒரு சிறு செயலாராய்ச்சி: பங்கேற்பு கூடியதா என்று அளப்பது எப்படி?

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் உடற்கல்விப் பாடவேளையில் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பதைக் கண்டு, கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு செயலாராய்ச்சியைத் தொடங்கினேன். முதல் முறை எழுதிக் கொடுத்த அறிக்கை திரும்பி வந்துவிட்டது. "பங்கேற்பு என்று எதைச் சொல்கிறீர்கள், மாற்றத்துக்கு முன்பு அது எவ்வளவு இருந்தது?" என்ற இரண்டு கேள்விகள் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தன. இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. அடுத்த ஆண்டு அதே ஆய்வை முதலிலிருந்து செய்தபோது கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பணியில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பயிற்சிக் காலத்தில் இத்தகைய ஆய்வைச் செய்து ஒப்படைக்க வேண்டிய மாணவ ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

1. ஒரு வகுப்பு, ஒரு விளையாட்டு, ஒரே ஒரு மாற்றம்

"உடற்கல்வியில் மாணவர் ஆர்வத்தை மேம்படுத்துதல்" என்பது போன்ற தலைப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை அளக்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. என் இரண்டாவது ஆய்வின் கேள்வி இதுதான்: எட்டாம் வகுப்பு 'அ' பிரிவில் எறிபந்துப் பாடவேளையை ஒரே பெரிய ஆட்டமாக நடத்தாமல், நிலையான சிறு அணிகளாகப் பிரித்து, ஆடுபவர், நடுவர், புள்ளி எழுதுபவர் என்ற பணிகளைச் சுழற்சி முறையில் கொடுத்து நடத்தினால், செயலில் ஈடுபடும் மாணவரின் பங்கு கூடுமா?

முறை புதிதாக இருந்தால் போதும், மற்றவை எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும். முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, அணிகளைச் சிறிதாக்கிய அதே வாரத்தில் வலையின் உயரத்தையும் குறைத்து, மெதுவான ரப்பர் பந்துக்கும் மாறியதுதான். பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், ஆனால் அது எதனால் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை வலை 2.2 மீட்டரிலேயே இருந்தது. தொடக்க அளவீட்டிலும் புதிய முறையிலும் ஒரே வகைப் பந்துகளையே பயன்படுத்தினேன். பாடவேளை நடக்கும் கிழமையும் நேரமும்கூட மாறாதவாறு பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் பிற்பகல் இரண்டு மணி வெயிலில் எடுத்த அளவையும் மாலை கடைசிப் பாடவேளையில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால், அங்கே அளக்கப்படுவது கற்பிக்கும் முறையாக இல்லாமல் வெயிலாகிவிடும்.

2. பங்கேற்பு என்றால் என்ன என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள்

வருகைப் பதிவேட்டில் இருப்பதும் சீருடையில் மைதானத்துக்கு வந்து நிற்பதும் பங்கேற்பு ஆகாது. ஆட்டத்துக்குள் நின்றாலும் பந்து தன் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று பின்வரிசை மூலையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தவுடன் நம் வரையறை எவ்வளவு தளர்ந்தது என்பது தெரிந்துவிடும். நான் நான்கு குறியீடுகளை வைத்துக்கொண்டேன்.

'ஈ' என்பது ஈடுபாடு: ஆடுகளத்தில் நின்று எறிபவர், பிடிப்பவர், பந்தை நோக்கி நகர்பவர், அல்லது உடல் பந்தின் திசையில் திரும்பி, கைகள் இடுப்புக்கு மேலே தயாராக இருப்பவர். 'ப' என்பது பணி: நடுவராகவோ புள்ளி எழுதுபவராகவோ அமர்த்தப்பட்டு, அந்த வேலையை அந்த நொடியில் உண்மையாகவே செய்துகொண்டிருப்பவர். 'கா' என்பது காத்திருப்பு: தன் முறைக்காக நிற்பவர், ஆடுகளத்துக்குள் இருந்தும் மேலே சொன்ன நிலையில் இல்லாதவர். 'வி' என்பது விலகல்: உட்கார்ந்துவிட்டவர், மரத்தடிக்குப் போய்விட்டவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்பவர்.

'ப' என்ற குறியீட்டைத் தனியாக வைக்க வேண்டியதன் காரணத்தை விளக்கியாக வேண்டும், இந்த ஆய்வில் விழக்கூடிய மிக ஆழமான குழி அதுதான். பழைய முறையில் நடுவர் வேலையை ஆசிரியரே செய்கிறார், மாணவருக்கு அந்தப் பணியே கிடையாது. புதிய முறையில் 36 பேரில் 12 பேர் எந்நேரமும் பணியில் இருக்கிறார்கள். அந்தப் பணியையும் பங்கேற்பு என்று எண்ணிவிட்டால், பிள்ளைகள் ஒரு அடிகூட நகராமலேயே பங்கேற்பு மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். வரையறையே விடையைக் கொடுத்துவிடும் என்றால் ஆய்வு எதற்கு? அதற்காக அதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது, கோட்டருகே நின்று 'அவுட்' சொல்லும் பிள்ளை நிச்சயமாகப் பாடத்துக்குள்தான் இருக்கிறார். ஆகவே தனியே எண்ணுங்கள், தனியே எழுதுங்கள், படிப்பவர் இரண்டையும் பார்த்து முடிவு செய்யட்டும்.

3. அனுமதிகள்: மூன்று தாள்கள்

முதலாவது தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எத்தனை வாரம், படப்பதிவு உண்டா இல்லையா என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் பெற்று ஒரு நகலை உங்கள் கோப்பில் வையுங்கள். அந்தக் கடிதத்தில் "மேற்கண்ட பாடவேளைகள் வேறு பாடத்துக்கு மாற்றப்படாமல் இருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்ற வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். தேர்வு நெருங்கும்போது "இன்னிக்கு ஒரு பீரியட் கொடுங்க டீச்சர், போர்ஷன் முடியல" என்று வந்து கேட்கும் சக ஆசிரியரிடம் காட்டுவதற்கு அந்த வரிதான் கைகொடுக்கும்.

இரண்டாவது பெற்றோர் ஒப்புதல். கைபேசியில் பாடவேளையைப் படம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம். படத்தை ஆசிரியரும் ஒரு சக ஆசிரியரும் மட்டுமே பார்ப்பார்கள், எந்தக் குழுவிலும் பகிரப்படாது, அறிக்கை முடிந்ததும் அழிக்கப்படும் என்று எளிய தமிழில் எழுதுங்கள். இந்தத் தாள் திரும்பி வர ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன், இரண்டரை வாரம் ஆனது. நடவுக் காலத்தில் பெற்றோர் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளையின் புத்தகப் பையிலேயே தாள் கிடக்கிறது. பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் நேரில் கொடுத்து அங்கேயே கையொப்பம் வாங்குவது நல்லது. ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளை வழக்கம்போல ஆடலாம். அவருடைய அணியின் ஆடுகளத்தைக் கேமராவின் பார்வைக்கு வெளியே அமைத்துவிட்டு, அந்த அணியை மட்டும் ஒரு சக ஆசிரியர் நேரில் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது மாணவரிடமே சொல்லிக் கேட்பது. அதற்குத் தனித் தாள் வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, வகுப்பில் வாசித்துக் காட்டி, பெயருக்கு நேரே கையொப்பமிடச் சொன்னேன்.

4. காலத்தைக் கணக்கிடுதல்

காவிரிப் படுகையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிமைதானத்தை நம்பி எந்த ஆய்வையும் திட்டமிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வண்டல் கலந்த களிமண் தரையில் ஒரு நாள் பெய்த மழை மூன்று நாள் நிற்கும், பின்னர் காய்ந்து குளம்புத் தடங்களோடு கட்டியாகும். ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பு முடிப்பது ஒரு வழி. பொங்கல் விடுமுறை முடிந்தவுடன் தொடங்குவது மற்றொரு வழி, ஆனால் அது ஆண்டுத் தேர்வுத் தயாரிப்போடு மோதும்.

வாரத்துக்கு 2 பாடவேளை என்று 8 வாரத்துக்கு 16 பாடவேளைகளைத் திட்டமிட்டேன், எனக்குக் கிடைத்தவை 11. குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்ற நாள்கள், சுதந்திர தின ஒத்திகை, ஒரு மழை நாள், உள்ளூர் விடுமுறை என்று ஐந்து போய்விட்டன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவையும் கணக்கில் கொள்ளுங்கள், அந்த நாள்களில் வருகையே குறைந்துவிடும். திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போகும் என்று வைத்துக்கொண்டே நாள்காட்டியைப் போடுங்கள்.

5. மாற்றத்துக்கு முன் நான்கு பாடவேளை

பழைய முறையில் எதையும் மாற்றாமல் குறைந்தது நான்கு பாடவேளைகளை அளந்துவிட வேண்டும். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். கேமரா வந்த முதல் நாளில் பிள்ளைகள் எல்லாரும் துள்ளிக் குதித்து ஆடுவார்கள், அதை அடிப்படையாக வைத்தால் பின்னர் எந்த முறையும் தோற்றுப்போகும். அதனால் அளவீடு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கைபேசியை முக்காலியில் வைத்து, பதிவு செய்யாமல் நிறுத்திவிட்டேன். மூன்றாவது பாடவேளையில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணும் வேலையைப் பாடம் நடத்திக்கொண்டே செய்ய முடியாது. பழைய முறையில் நீங்களே நடுவர், புதிய முறையில் கை ஓய்வாக இருக்கும், ஆகவே ஒரே ஆள் ஒரே கவனத்தோடு இரண்டையும் எண்ண இயலாது. முதல் மாடித் தாழ்வாரத்திலிருந்து மைதானம் முழுவதும் தெரியும்படி கைபேசியை வைத்து, பிறகு வீட்டில் அமர்ந்து எண்ணுவதே நம்பத்தக்கது.

எங்கள் பாடவேளை 45 நிமிடம். மைதானத்துக்கு வந்து வரிசையாக நிற்க 5 நிமிடம், உடலைச் சூடாக்கும் பயிற்சிக்கு 5, கடைசியில் சீட்டு எழுத 5, நடுவில் இருக்கும் 30 நிமிடமே அளவீட்டுக்கு உரியது. அந்த 30 நிமிடத்தில் ஒவ்வொரு மூன்றாவது நிமிடத்திலும் காணொளியை நிறுத்துகிறேன், அதாவது ஒரு பாடவேளைக்கு 10 நோக்கல். நிறுத்திய படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அங்கிருந்து ஐந்து நொடி ஓடவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு போடுகிறேன். வரி இப்படி அமையும்:

6-ஆம் நிமிடம்: ஈ 10, ப 0, கா 17, வி 9. மொத்தம் 36.

மொத்தம் அன்று வந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால் யாரையோ இரு முறை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது யாரோ கழிப்பறைக்குப் போயிருக்கிறார். ஒரு பாடவேளையை எண்ணி முடிக்க எனக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. வெளிநாட்டு நூல்களில் சோஃபிட் என்ற நோக்கல் முறையைக் காண்பீர்கள். அதில் 10 நொடி பார்த்து 10 நொடி பதிய வேண்டும், தேர்ந்தெடுத்த சில மாணவரை மட்டும் தொடர வேண்டும், அதற்கெனப் பயிற்சியும் வேண்டும். உடல் உழைப்பின் அளவை அறிய அது சிறந்தது, யார் உள்ளே யார் வெளியே என்று அறிய மேலே சொன்ன எளிய முறை போதும்.

6. இன்னொருவரும் எண்ண வேண்டும்

இதை விட்டுவிடாதீர்கள். புதிய முறை வெல்ல வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கிறது, ஐயம் வரும் இடத்தில் எல்லாம் கண் 'ஈ' என்றே படிக்கும். எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியையிடம் மூன்று காணொளிகளைக் கொடுத்து, என் தாளைக் காட்டாமல் தனியாக எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு நோக்கலிலும் இருவரின் 'ஈ' எண்ணிக்கையில் சிறியதைப் பெரியதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒத்திசைவு கிடைக்கும். சராசரி 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வரையறை தெளிவாக இல்லை என்று பொருள்.

முதல் காணொளியில் ஒரு நோக்கலில் நான் 14 என்று எழுதியிருந்தேன், அவர் 10 என்று எழுதியிருந்தார். இருவரும் சேர்ந்து அந்த ஐந்து நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பின்வரிசையில் வலது மூலையில் ஒரு மாணவி துப்பட்டாவின் இரு முனைகளையும் இடுப்பில் முடிந்துகொண்டு நின்றார். பந்து எதிர்ப்பக்கம் போனபோது முகம் அதைத் தொடர்ந்தது, ஆனால் கால்கள் கோட்டுக்கு வெளியே பார்த்தபடி இருந்தன, கைகள் கட்டப்பட்டிருந்தன. "பார்க்குறா இல்ல, அப்புறம் என்ன?" என்றேன். "பந்து வந்தா பிடிப்பாளா டீச்சர்? நகர்ந்துடுவா, பாருங்க" என்றார் அவர். அடுத்த எறியில் பந்து அந்த மூலைக்கு வந்தது, அவர் சொன்னபடியே மாணவி விலகிக்கொள்ள, பக்கத்தில் நின்றவர் பாய்ந்து பிடித்தார். உடல் திரும்பியிருக்க வேண்டும், கைகள் இடுப்புக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி அன்றுதான் வரையறையில் சேர்ந்தது. அதுவரை எண்ணியிருந்த இரண்டு பாடவேளைகளையும் புதிய விதியின்படி மீண்டும் எண்ணினோம்.

7. புதிய முறையை மைதானத்தில் அமைத்தல்

எறிபந்து ஆடுகளம் 18.30 மீட்டர் நீளமும் 12.20 மீட்டர் அகலமும் கொண்டது. வலை அகலவாட்டில் கட்டப்பட்டிருக்கும். அந்த அகலத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் மூன்றாகப் பிரித்தால், ஏறத்தாழ 4 மீட்டர் அகலத்தில் மூன்று நீண்ட பட்டைகள் கிடைக்கும், மூன்றுக்கும் ஒரே வலை போதும். ஒவ்வொரு பட்டையிலும் நால்வருக்கு நால்வர் ஆடினார்கள். பக்கத்துப் பட்டைக்குப் பந்து போனால் இரு பட்டைகளிலும் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற விதியை முதல் நாளே கடுமையாகச் சொல்லுங்கள், மிதித்துக் கணுக்கால் சுளுக்குவதற்கு அந்த ஒரு பந்து போதும்.

36 பேரை ஆறு அணிகளாகப் பிரித்தேன், அணிக்கு ஆறு பேர். நால்வர் ஆட, ஒருவர் நடுவர், ஒருவர் புள்ளி எழுதுபவர். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் பணி மாறும். யார் எப்போது எந்தப் பணி என்பதை ஓர் அட்டையில் எழுதி அணியிடம் கொடுத்துவிட வேண்டும். அட்டை இல்லாமல் வாய்மொழியாக விட்டபோது, ஆட விருப்பமில்லாத இரண்டு மூன்று பேர் நிரந்தரப் புள்ளி எழுதுபவர்களாகிவிட்டார்கள், பந்தை விட மனமில்லாதவர்கள் நிரந்தர ஆட்டக்காரர்களாகிவிட்டார்கள். மாதவிடாய் நாள்களில் ஆட இயலாதவர் என்னிடம் தனியே வந்து சொன்னால், காரணம் கேட்காமல் அன்றைக்குப் பணி கொடுப்பேன் என்று முதலிலேயே பெண்பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன்.

அணியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொருவராக அழைக்கும்போது, கடைசியில் நிற்கும் பிள்ளை யார் என்பதை ஊரே அறிந்திருக்கும், அதற்குப் பந்து பிடிக்கத் தெரியாதது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. சுவரில் எறிந்து பிடிக்கும் எளிய சோதனை ஒன்றை வைத்து, திறன் கலந்தவாறு நானே பிரித்தேன். இறுதி வரை அணி மாறவில்லை. பெயர்களை மட்டும் அவர்களே வைத்துக்கொள்ளச் சொன்னேன்: குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.

பாடவேளையின் இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு சிறு சீட்டில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதினார்கள்: "இன்று பந்து உன் கைக்கு எத்தனை முறை வந்தது?" அந்த எண் துல்லியமாக இருக்காது. ஆயினும் ஓர் அணியில் ஒருவர் 20 என்றும் இன்னொருவர் 0 என்றும் எழுதினால், அங்கே நடப்பது என்ன என்பதைக் காணொளியில் தேடிப் பார்க்க அது வழிகாட்டும். பழைய முறையின் நான்கு பாடவேளைகளிலும் இதே சீட்டை வாங்கியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

8. செலவு

பள்ளியில் ஒரு பந்துதான் இருந்தது. அதே வகையில் இன்னும் இரண்டு பந்து, சுண்ணாம்புத் தூள், எல்லைக்கு நைலான் கயிறு, நோக்கல் தாள், ஒப்புதல் தாள், சீட்டுகளின் நகல் எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 1,300 ரூபாய் ஆனது. பந்தைப் பள்ளியின் விளையாட்டு நிதியில் வாங்க வேண்டுமானால், வாங்குவதற்கு முன்பே தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெற்று, ரசீதோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நான் அவசரத்தில் கைக்காசில் வாங்கிவிட்டுப் பின்னர் கேட்டேன், கிடைக்கவில்லை.

9. எண்களைப் படித்தல்

36 பேரும் வந்திருந்த இரண்டு நாள்களை மட்டும் எடுத்து முழுக் கணக்கையும் காட்டுகிறேன். 36 பேர், 10 நோக்கல், ஆக ஒரு நாளுக்கு 360 குறியீடுகள்.

பழைய முறை நாளில்: ஈ 96, ப 0, கா 171, வி 93.
புதிய முறை நாளில்: ஈ 187, ப 98, கா 52, வி 23.

ஈடுபாடு 27 விழுக்காட்டிலிருந்து 52 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. பணியையும் சேர்த்தால் 79. இந்த 79-ஐ முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கை பரபரக்கும். எழுதாதீர்கள்.

52-ஐயும் அப்படியே ஏற்க முடியாது, அதற்கான காரணத்தைக் கவனமாகப் பாருங்கள். பழைய முறையில் அணிக்கு எழுவர் என்று 14 பேருக்குத்தான் ஆடுகளத்தில் இடம் இருந்தது. எல்லாரும் முழு மூச்சாக ஆடியிருந்தாலும் 36-க்கு 14, அதாவது 39 விழுக்காட்டைத் தாண்டியிருக்க முடியாது. புதிய முறையில் 24 பேருக்கு இடம், உச்சவரம்பு 67. ஆகவே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன: ஆட இடம் கிடைத்ததா, கிடைத்த இடத்தைப் பிள்ளைகள் பயன்படுத்தினார்களா? முதல் கேள்விக்கு விடை வெறும் கூட்டல் கழித்தல்தான். இரண்டாவதற்கு, பழைய நாளில் 10 நோக்கலுக்கு 140 இடங்கள் இருந்தன, அவற்றில் 96 ஈடுபாடு, அதாவது 69 விழுக்காடு. புதிய நாளில் 240 இடங்கள், 187 ஈடுபாடு, 78 விழுக்காடு.

உயர்வின் பெரும்பகுதி ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்ததால் வந்தது, அணியும் பணியும் சேர்ந்து கொடுத்தது அதற்கு மேல் ஒரு சிறு பகுதி என்பதே நேர்மையான முடிவு. இதை எழுதியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னோர் ஆசிரியருக்கு இந்த முடிவுதான் கூடுதலாகப் பயன்படும்: அணி, அட்டை, பணிச் சுழற்சி எல்லாம் செய்ய நேரமில்லாதவர் ஆடுகளத்தை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு சுண்ணாம்புக் கோடுகளை மட்டும் போட்டாலே பாதிக்கு மேல் பலன் கிடைக்கும் என்று அது சொல்கிறது.

11 பாடவேளைகளின் ஈடுபாட்டு விழுக்காட்டையும் வரிசையாக ஒரு கோட்டுப் படத்தில் குறியுங்கள். என்னுடையவை 27, 24, 29, 25, அதற்குப் பின் புதிய முறையில் 31, 35, 46, 50, 48, 52, 51. புதிய முறையின் முதல் இரண்டு நாள்கள் விதிகளை விளக்குவதிலேயே போனதால் உயர்வு குறைவு. அவற்றைப் பார்த்துவிட்டு முறை தோற்றது என்று கைவிடாதீர்கள், கணக்கிலிருந்து நீக்கவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே அன்றைய வெயில், வருகை, தாமதம் ஆகியவற்றை ஒரு சொல்லில் எழுதுங்கள்.

சிலர் 't' சோதனை போடச் சொல்வார்கள். 360 குறியீடுகளையும் 360 தனி மாணவர்களைப் போலக் கருதிச் சோதனை செய்தால் விடை பெரும்பாலும் 'குறிப்பிடத்தக்கது' என்றே வரும், அது பிழை. ஒரே பிள்ளையைப் பத்து முறை பார்த்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பவை 11 பாடவேளைகள், அவ்வளவே. அந்த அளவுக்குக் கோட்டுப் படமும் தெளிவான விளக்கமும் போதும். ஒரே வகுப்பில் ஒரே பருவத்தில் செய்ததால், ஜூலையிலிருந்து ஆகஸ்டுக்குள் வெயில் தணிந்ததும் பிள்ளைகள் ஆட்டத்தைப் பழகியதும்கூட உயர்வில் கலந்திருக்கலாம் என்ற வரம்பையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள். முடிந்தால் பழைய முறையிலேயே படிக்கும் 'ஆ' பிரிவையும், அவர்களுடைய பெற்றோரின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெற்று, தொடக்கத்திலும் இறுதியிலும் இரண்டிரண்டு பாடவேளை எண்ணிவிட்டால் இந்த ஐயம் பெருமளவு தீரும்.

ஆண், பெண் பிள்ளைகளைத் தனியாகவும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் 17 பேர். பழைய நாளின் 93 விலகல்களில் 64 அவர்களுடையவை, புதிய நாளின் 23-இல் 12. மொத்த விழுக்காட்டை மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

10. அறிக்கையும் அடுத்த சுற்றும்

பிரச்சினை, சாத்தியமான காரணங்கள், செயல் கருதுகோள், செய்த மாற்றம், அளந்த முறை, விளைவு, வரம்பு என்ற வரிசையில் பதினைந்து பக்கத்துக்குள் எழுதினால் போதும். நோக்கல் தாளின் ஒரு மாதிரி, குறியீட்டு வரையறை, தலைமையாசிரியர் அனுமதி, பெயர் மறைத்த ஓர் ஒப்புதல் தாள் ஆகியவை பின்னிணைப்பில் வர வேண்டும். மாணவர் பெயர்களை எங்கும் எழுதாமல் எண்களைப் பயன்படுத்துங்கள். எண்ணி முடித்த அன்றே எழுதத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் முடியும், தேர்வுப் பணி வந்த பிறகு தொடங்கினால் இரண்டு மாதம் ஆகும்.

அறிக்கையின் கடைசிப் பகுதியில் அடுத்த சுற்றில் எதை மாற்றுவீர்கள் என்பது இருக்க வேண்டும், அது சீட்டுகளிலிருந்து வந்தால் நல்லது. வெண்ணாறு அணியில் 23-ஆம் எண் மாணவி புதிய முறையின் ஏழு பாடவேளைகளில் நான்கில் '0' என்று எழுதியிருந்தார். காணொளியில் அவர் பந்தின் திசையில் திரும்பி, கைகளை உயர்த்தி நிற்கிறார், என் தாளில் எல்லா இடத்திலும் 'ஈ' என்றே இருக்கிறது, ஆனால் பந்து அவரிடம் வருவதற்கு முன்பே முன்வரிசையில் இருப்பவர் குறுக்கே பாய்ந்து பிடித்துவிடுகிறார். ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் சுற்றில், ஒரு அணி தொடர்ந்து பிடிக்கும் மூன்று பந்துகளை மூன்று வெவ்வேறு கைகள் பிடித்தால் ஒரு கூடுதல் புள்ளி என்ற ஒரே விதியை மட்டும் சேர்க்கப் போகிறேன். இந்த முறை 'ஈ'-யோடு பந்து கைக்கு வந்த எண்ணிக்கையையும் காணொளியிலிருந்து எண்ணுவேன்.